கோடு கிடைத்துவிட்டது, புள்ளி எங்கே?

கேள்வி: இரண்டு எல்லைக்கற்களிலிருந்து டேப்பால் அளந்த தூரங்களை வைத்து ஒரு புள்ளியைக் குறிக்க, பைத்தானில் நிரல் எழுதியிருக்கிறேன். இரண்டு வட்டச் சமன்பாடுகளையும் கழித்து நேர்கோடு எடுத்து, அதை ஒரு வட்டத்தில் பிரதியிடுகிறேன். ஒரு வட்டம் மற்றதற்குள் கிடந்தாலும் கோடு வந்துவிடுகிறது. பிறகு `math domain error` என்று நிரல் நின்றுவிடுகிறது. வட்டங்கள் தொட்டுக்கொள்ளும்போது சில நேரம் இரண்டு புள்ளிகள், சில நேரம் ஒன்றுமே இல்லை. வர்க்கமூலத்துக்குள் `abs` போட்டதும் பிழைச்செய்தி நின்றுவிட்டது. புத்தகத்துச் சூத்திரத்தில்தான் குறையா?

— ஒரு வாசகர், விருதுநகர்

பதில்: சூத்திரத்தில் ஒரு குறையும் இல்லை. முதல் வேலையாக அந்த `abs`-ஐ எடுத்துவிடுங்கள். நிரல் நின்றபோது அது உங்களிடம் உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தது. நீங்கள் அதன் வாயை அடைத்திருக்கிறீர்கள்.

என்ன நடக்கிறது என்று ஓர் அளவை வைத்தே பார்ப்போம். கல் அ (0, 0)-இல், கல் ஆ (3, 0)-இல் இருக்கின்றன. அ-விலிருந்து 10 மீட்டர், ஆ-விலிருந்து 4 மீட்டர் என்று குறிப்பேட்டில் எழுதியிருக்கிறது. கற்களுக்கிடையே தூரம் 3 மீட்டர்தான். ஆ-வைச் சுற்றிய 4 மீட்டர் வட்டம் எவ்வளவு நீண்டாலும் அ-விலிருந்து 7 மீட்டரைத் தாண்டாது. ஆகவே அது 10 மீட்டர் வட்டத்துக்குள்ளேயே அடங்கிக் கிடக்கிறது, விளிம்பைத் தொடக்கூட இல்லை. இப்போது சமன்பாடுகளைக் கழியுங்கள். x² உம் y² உம் அடிபட்டுப் போய், x = 15.5 என்ற கோடு வருகிறது. பெரிய வட்டத்துக்கே வெளியே, ஐந்தரை மீட்டர் தள்ளி நிற்கும் கோடு. அதை வட்டத்தில் பிரதியிட்டால் y² = 100 − 240.25, அதாவது −140.25. உங்கள் `abs` இதை 140.25 ஆக்கி, வர்க்கமூலம் எடுத்து, (15.5, 11.84) என்றும் (15.5, −11.84) என்றும் இரண்டு புள்ளிகளைக் கொடுத்திருக்கும். அவை அ-விலிருந்து எவ்வளவு தூரம் என்று அளந்து பார்த்தீர்களா? 19.5 மீட்டர். 10 மீட்டர் டேப்பின் நுனியை 19.5 மீட்டரில் ஊன்றியிருக்கிறீர்கள். அந்த இடத்தில் ஒருவர் வேலிக்குக் குழி தோண்டியிருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

கோடு ஏன் வருகிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். கழிக்கும்போது இரண்டு வட்டங்களுக்கும் பொதுவான புள்ளி இருக்கிறதா என்று நாம் கேட்பதே இல்லை. இரண்டு கோவைகளும் எங்கே சமமாகின்றன என்று மட்டும் கேட்கிறோம். மையங்கள் ஒன்றின்மேல் ஒன்று விழாதவரை அதற்கு ஒரு கோடு விடையாகக் கிடைத்தே தீரும். வட்டங்கள் வெட்டிக்கொண்டால் அது பொது நாண் கிடக்கும் கோடு. தொட்டுக்கொண்டால் பொதுத் தொடுகோடு. சந்திக்கவே இல்லை என்றாலும் அதற்குப் பொருள் உண்டு: அந்தக் கோட்டில் எங்கே நின்று இரண்டு வட்டங்களுக்கும் தொடுகோடு வரைந்தாலும் நீளம் ஒன்றாகவே இருக்கும். நம் கணக்கில் (15.5, 0)-இலிருந்து பெரிய வட்டத்துக்குத் தொடுகோட்டு நீளத்தின் வர்க்கம் 240.25 − 100 = 140.25. சின்ன வட்டத்துக்கு 12.5² − 16 = 140.25. உங்கள் `abs` வழியாக வந்த 11.84 இந்தத் தொடுகோட்டு நீளம். அதை வெட்டுப்புள்ளியின் உயரமாக நீங்கள் படித்துவிட்டீர்கள்.

இனி சரியான வழி. கற்கள் சாய்வாக இருக்கும் ஒரு கணக்கை எடுத்துக்கொள்கிறேன். அ (2, 1), ஆ (17, 21), தூரங்கள் முறையே r1 = 15, r2 = 20. மையங்களுக்கிடையே தூரம் d = 25. அ-விலிருந்து ஆ-வை நோக்கி நடந்து, பொது நாண் குறுக்கிடும் இடத்தில் நிற்க வேண்டும். அதற்கு நடக்க வேண்டிய தூரம்:

```
a = (d² + r1² − r2²) / (2d) = (625 + 225 − 400) / 50 = 9
```

திசை (0.6, 0.8) என்பதால், நிற்கும் இடம் (7.4, 8.2). அங்கிருந்து செங்குத்தாக இருபுறமும் h தூரம் போக வேண்டும். h² = 15² − 9² = 144, ஆகவே h = 12. செங்குத்துத் திசை (−0.8, 0.6). ஒருபுறம் (−2.2, 15.4), மறுபுறம் (17, 1). இரண்டாவது புள்ளியை மனக்கணக்கிலேயே சரிபார்க்கலாம்: அ-விலிருந்து கிடையாக 15, ஆ-விலிருந்து நேர் கீழே 20.

a எப்போதும் இரண்டு கற்களுக்கு இடையில்தான் விழும் என்று எண்ணிவிடாதீர்கள். ஒரு வட்டம் மிகப் பெரிதாக இருந்தால் d-ஐயும் தாண்டும், அல்லது குறை எண்ணாகும். அதனால் மட்டும் பிழை என்று ஆகாது. வெட்டுகிறதா இல்லையா என்பதை h²-தான் சொல்லும். அந்த h²-ஐ இன்னொரு விதமாக எழுதினால் அது சொல்வது தெளிவாகக் கேட்கும்:

```
h² = (r1+r2+d)(r1+r2−d)(d+r1−r2)(d−r1+r2) / (4d²)
```

இது ஹீரோன் சூத்திரம்தான். இரண்டு ஆரங்களும் d-உம் சேர்ந்து ஒரு முக்கோணம் அமைகிறதா என்று கேட்கிறது. முதல் அடைப்புக்குறி எப்போதும் மிகை எண். மற்ற மூன்றில் எந்த இரண்டைக் கூட்டினாலும் மிகை எண்ணே வரும் என்பதால், ஒரு நேரத்தில் ஒன்றுதான் குறை எண்ணாக முடியும். எது குறை எண்ணாகிறது என்பதிலேயே நிலைமை தெரிந்துவிடுகிறது. r1+r2−d குறை எண் என்றால் வட்டங்கள் எட்டாமல் விலகி நிற்கின்றன. d−r1+r2 குறை எண் என்றால் இரண்டாவது வட்டம் முதலாவதற்குள் கிடக்கிறது. மற்றது என்றால் முதலாவது இரண்டாவதற்குள். ஒன்று பூச்சியம் என்றால் தொடுகிறது, வெளியிலிருந்தா உள்ளிருந்தா என்பது எந்த அடைப்புக்குறி என்பதைப் பொறுத்தது. நம் முதல் கணக்கில் 3 − 10 + 4 = −3. சின்ன வட்டத்தின் விளிம்பு பெரிய வட்டத்தின் விளிம்பை எட்ட இன்னும் 3 மீட்டர் தேவை என்று அந்த எண்ணே சொல்கிறது. −140.25 இதைச் சொல்லவில்லை.

தொடும் நிலைக்கு வருகிறேன். உங்கள் கேள்வியில் உண்மையிலேயே கடினமான பகுதி இதுதான். 0.1, 0.2 ஆரமுள்ள வட்டங்களின் மையங்கள் 0.3 தூரத்தில் இருந்தால் அவை தொட வேண்டும். பைத்தானில் `0.1 + 0.2 == 0.3` என்று கேளுங்கள், `False` என்று வரும். கூட்டுத்தொகை அதற்கு 0.30000000000000004. ஆகவே சமமா என்று கேட்கும் நிரல் தொடும் வட்டங்களை ஒருநாளும் நம்பகமாகக் கண்டுபிடிக்காது.

ஆனால் களத்தில் உங்களைக் கெடுப்பது அந்தப் பதினேழாவது இலக்கம் அல்ல, டேப். கற்கள் 14 மீட்டர் தள்ளி இருக்கின்றன. அளவுகள் 8, 6. வட்டங்கள் ஒரே புள்ளியில் தொடுகின்றன. இப்போது 8 மீட்டரை 8.01 என்று படித்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள், ஒரே ஒரு சென்டிமீட்டர். h² = 0.0686, h = 0.26 மீட்டர். ஒரு புள்ளி இரண்டாகப் பிரிந்து, கோட்டுக்கு இருபுறமும் 26 சென்டிமீட்டர் விலகிப் போய்விட்டது. 7.99 என்று படித்திருந்தால் ஒன்றுமே கிடைத்திருக்காது. "சில நேரம் இரண்டு, சில நேரம் ஒன்றுமில்லை" என்று நீங்கள் கண்டது இதைத்தான். தொடும் இடத்தில் h என்பது பிழையின் வர்க்கமூலம் போல வளர்கிறது, ஆகவே சின்னப் பிழை பெரிதாகத் தெரிகிறது. முந்தைய 15, 20, 25 கணக்கில் அதே ஒரு சென்டிமீட்டர் பிழை, புள்ளியை ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் நகர்த்தும், ஏனென்றால் அங்கே டேப்புகள் செங்கோணத்தில் சந்திக்கின்றன. நில அளவையில் 30 பாகைக்குக் குறைந்த, 120 பாகைக்கு மிஞ்சிய கோணமுள்ள முக்கோணங்களைத் தவிர்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

ஆகவே நிரலில் ஒரு சலுகை அளவு வேண்டும். அதை h²-இன் மேல் வைக்காமல், அடைப்புக்குறிகளின் மேல் வையுங்கள். அவை மீட்டரில் இருக்கின்றன, உங்கள் டேப்பின் பிழையும் மீட்டரில் இருக்கிறது.

```python
from math import hypot, sqrt

def meet(x1, y1, r1, x2, y2, r2, tol):
    dx, dy = x2 - x1, y2 - y1
    d = hypot(dx, dy)
    if d <= tol:
        return None if abs(r1 - r2) <= tol else []
    p, q, s = r1 + r2 - d, d + r1 - r2, d - r1 + r2
    if min(p, q, s) < -tol:
        return []
    a = (d*d + r1*r1 - r2*r2) / (2*d)
    fx, fy = x1 + a*dx/d, y1 + a*dy/d
    if min(p, q, s) <= tol:
        return [(fx, fy)]
    h = sqrt((r1 + r2 + d) * p * q * s) / (2*d)
    ux, uy = -dy/d, dx/d
    return [(fx + h*ux, fy + h*uy), (fx - h*ux, fy - h*uy)]
```

`tol` என்பது நீங்கள் நம்பும் அளவுப் பிழை. டேப்புக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டர், அதாவது 0.02 என்று தொடங்கலாம். மையங்கள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் d-ஆல் வகுக்க முடியாது; அதனால்தான் அது முதலிலேயே தனியாக நிற்கிறது. ஆரங்களும் சமம் என்றால் இரண்டும் ஒரே வட்டம், எல்லாப் புள்ளிகளும் பொது. அதற்கு வெற்றுப் பட்டியலைத் திருப்பினால் பொய்யாகிவிடும், ஆகவே `None`.

`[]` வந்தால் நிரலைத் திருத்தாதீர்கள், குறிப்பேட்டைத் திருத்துங்கள். 10 என்று எழுதியது 1.0 ஆக இருக்கலாம், அல்லது எந்தக் கல்லிலிருந்து அளந்தீர்கள் என்பது இடம் மாறியிருக்கலாம். ஒரே புள்ளி வந்தால் அதை அப்படியே ஊன்றாமல், கோட்டுக்கு வெளியே வேறொரு கல்லிலிருந்து மீண்டும் அளந்து பாருங்கள். இரண்டு புள்ளிகள் வந்தால் பட்டியலில் முதலாவது, அ-விலிருந்து ஆ-வைப் பார்த்து நிற்பவரின் இடக்கைப் பக்கம் (x கிழக்கு, y வடக்கு என்று வைத்திருந்தால்). புள்ளி எந்தப் பக்கம் என்பதை அளக்கும்போதே குறிப்பேட்டில் எழுதிவையுங்கள். இரண்டு தூரங்களில் அது ஒளிந்திருக்கவில்லை, எந்த நிரலும் அதைப் பின்னால் எடுத்துக் கொடுக்காது.