கணக்கு இல்லாமலே வாங்கும் வழியும் சுருக்கமான முகவரிப் படிவமும்

"எங்கள் இணையக் கடையில், கூடையில் புடவையைப் போட்டவர்கள் கணக்குத் தொடங்கும் பக்கத்திலேயே வெளியேறிவிடுகிறார்கள். கணக்கு வேண்டாம் என்றால் திரும்ப வருபவரை எப்படி அறிவது?"

கைபேசி எண்ணே அதற்குப் போதும், ஐயா. கூரியர்காரருக்காக அதை எப்படியும் கேட்கிறீர்கள். அதே எண்ணில் வரும் ஆர்டர்களைப் பின்னணியில் இணைத்துக்கொள்ளலாம். ஆனால் எண்ணைத் தட்டியவுடன் பழைய முகவரியைத் திரையில் காட்டாதீர்கள். யாரும் யாருடைய வீட்டையும் அறிந்துவிட முடியும் என்பதால், ஓடிபி சரிபார்த்த பிறகே காட்ட வேண்டும். கணக்குத் தொடங்கும் அழைப்பை, பணம் செலுத்தி முடிந்த பக்கத்தில் வையுங்கள்.

படிவத்தில் பெயர், கைபேசி, பின்கோடு, வீட்டு எண்ணும் தெருவும், ஊர் ஆகிய ஐந்து கட்டங்கள் போதும். பின்கோட்டைத் தெருவுக்கு முன்பே கேட்டால், மாவட்டத்தையும் மாநிலத்தையும் தானாக நிரப்பலாம். ஒரே பின்கோட்டில் பல ஊர்கள் இருப்பதால், ஊரை மட்டும் வாடிக்கையாளரே திருத்தும்படி விடுங்கள்.

பலர் கவனிக்காத பிழை ஒன்று உண்டு. பின்கோட்டுக் கட்டத்தில் `maxlength="6"` என்று வைத்திருந்தால், "600 004" என்று இடைவெளியுடன் ஒட்டுபவருக்குக் கடைசி இலக்கம் வெட்டுப்பட்டு, காரணம் புரியாத பிழைச் செய்தி வரும். +91 சேர்த்து ஒட்டப்படும் கைபேசி எண்ணுக்கும் 10 என்ற வரம்பால் இதே கதிதான். வரம்பை நீக்கிவிட்டு, இடைவெளியையும் முன்னொட்டையும் உங்கள் நிரலிலேயே களையுங்கள். பின்கோட்டுக் கட்டம் இப்படி இருக்கட்டும்:

```html
<input name="pin" inputmode="numeric"
       autocomplete="postal-code">
```

மாற்றிய பிறகு, உங்கள் கைபேசியிலேயே ஓர் ஆர்டரைப் போட்டுப் பாருங்கள்.