168 பங்காகப் பிரியும் வாப்பாவின் சொத்து

கேள்வி: எங்க வாப்பா வஃபாத்தாகி நாலு மாசமாச்சு. உம்மா இருக்காங்க, ரெண்டு காக்கா, நாங்க மூணு பொம்பளப் புள்ளைங்க. வாப்பாவைப் பெத்தவங்க ரெண்டு பேரும் ஹயாத்தோட இருக்காங்க. பெரியபட்டினத்துல 84 சென்ட் தென்னந்தோப்பு 30 லட்சம் போகும். கடைச் சரக்கு 10 லட்சம். பேங்குல 6 லட்சம், நாமினி உம்மா. வெளிய கடன் 2,40,000. உம்மாவோட மஹர் 15,000 கொடுக்காமலே இருக்கு. ஜனாஸா செலவு 45,000 ஆச்சு. மதரஸாவுக்கு ஒரு லட்சம் கொடுக்கச் சொல்லியிருந்தாங்க. பெத்தவங்களுக்குப் பங்கு இல்லைன்னு காக்கா சொல்றாங்க. எனக்குக் கல்யாணத்துல வீடு கொடுத்ததால எனக்கும் இல்லையாம். இது சரியா?
- ஒரு சகோதரி, கீழக்கரை

பதில்: சகோதரி, இரண்டுமே சரியில்லை. குர்ஆனின் நிஸா அத்தியாயம் 11, 12 வசனங்களில் மனைவிக்கும் தாய்க்கும் தந்தைக்கும் பங்கு எண்ணாகவே சொல்லப்பட்டிருக்கிறது. பிள்ளைகள் கூடிப் பேசி அதை நீக்க முடியாது.

முதலில் பங்குக்கு வரும் தொகை எவ்வளவு என்று பார்க்க வேண்டும். மொத்தம் 46 லட்சம். பேங்க் பணமும் இதில் சேரும். நாமினி என்பவர் பேங்கிலிருந்து பணத்தை வாங்கும் பொறுப்பில் இருப்பவர்தான், அதனால் 6 லட்சமும் உம்மாவுக்கே ஆகிவிடாது. இதிலிருந்து ஜனாஸா செலவு 45,000, அடுத்து கடன் 2,40,000. மஹரும் கடன்தான். பல வீடுகளில் உம்மாவின் எட்டில் ஒரு பங்குக்குள் மஹரையும் அடக்கிவிடுகிறார்கள். அது தவறு. 15,000ஐ முதலில் அவர் கையில் கொடுத்துவிட்டுத்தான் பங்கு பேச வேண்டும். வாப்பாவுக்கு ஹஜ் கடமையாகியும் செய்யாமல் போயிருந்தால், ஷாஃபிஈ மத்ஹபில் அந்தச் செலவையும் கடனைப் போலவே முதலில் எடுக்க வேண்டும். ஹனஃபியில் அவர் வஸிய்யத் செய்திருந்தால் மட்டும்தான். இவை போக மிஞ்சுவதில் மூன்றில் ஒன்று வரை வஸிய்யத் செல்லும். உங்களுக்கு மிஞ்சுவது 43 லட்சம், மதரஸாவுக்குச் சொன்னதோ ஒரு லட்சம். தாராளமாகக் கொடுக்கலாம். ஆகப் பங்குக்கு வருவது 42 லட்சம்.

வாப்பாவுக்குப் பிள்ளைகள் இருப்பதால் உம்மாவுக்கு எட்டில் ஒன்று. வாப்பாவைப் பெற்ற தாய்க்கு ஆறில் ஒன்று, தந்தைக்கு ஆறில் ஒன்று. எட்டுக்கும் ஆறுக்கும் பொதுவான எண் 24. சொத்தை 24 பங்காக வைத்தால் உம்மாவுக்கு 3, பாட்டியாருக்கு 4, பாட்டனாருக்கு 4. மீதி 13 பிள்ளைகளுக்கு. ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு ஒன்று என்பதால் இரண்டு காக்காவுக்கு நாலு, உங்கள் மூவருக்கு மூன்று, மொத்தம் ஏழு கூறு. 13 ஏழால் வகுபடாது. இந்த இடத்தில்தான் பலர் பின்னத்தைத் தள்ளிவிட்டுக் குத்துமதிப்பாகப் போடுகிறார்கள். ஃபராயிள் கணக்கில் அதற்கு வழி, 24ஐ ஏழால் பெருக்கிவிடுவது. இப்போது சொத்து 168 பங்கு. உம்மாவுக்கு 21, பாட்டனாருக்கு 28, பாட்டியாருக்கு 28, ஒவ்வொரு காக்காவுக்கும் 26, உங்களில் ஒவ்வொருவருக்கும் 13. கூட்டிப் பாருங்கள், 168 வரும்.

42 லட்சத்தை 168ஆல் வகுத்தால் ஒரு பங்கு 25,000 ரூபாய். உம்மாவுக்கு 5,25,000. பாட்டனார், பாட்டியார் ஆளுக்கு 7,00,000. காக்காமார் ஆளுக்கு 6,50,000. நீங்கள் மூவரும் ஆளுக்கு 3,25,000.

கணக்குப் போடும்போது ஒரு இடத்தில் கவனம் வேண்டும். உம்மாவின் எட்டில் ஒன்றை எடுத்துவிட்டு, மிஞ்சியதில் ஆறில் ஒன்று என்று பெரியவர்களுக்குப் போடுவார்கள். மிஞ்சுவது 36,75,000, அதில் ஆறில் ஒன்று 6,12,500. ஆளுக்கு 87,500 ரூபாய் காணாமல் போகிறது. எட்டில் ஒன்றும் ஆறில் ஒன்றும் முழு 42 லட்சத்திலிருந்தே எடுக்க வேண்டியவை. மீதி என்ற பேச்சு பிள்ளைகள் பங்குக்கு வரும்போதுதான். இதே குடும்பத்தில் ஆண் பிள்ளை இல்லாமல் நீங்கள் மூவர் மட்டும் இருந்திருந்தால் கணக்கு வேறு. உங்களுக்குச் சேர்ந்து மூன்றில் இரண்டு, அதாவது 24இல் 16. அதோடு 3, 4, 4 சேர்ந்தால் 27 ஆகிவிடும். அப்போது சொத்தை 27 பங்காக்கி எல்லாரும் ஒரே விகிதத்தில் குறைத்துக்கொள்ள வேண்டும். இதற்கு அவ்ல் என்று பெயர். மனைவியின் எட்டில் ஒன்று அங்கே ஒன்பதில் ஒன்றாகும்.

இனி உங்கள் வீடு. வாப்பா ஹயாத்தில் இருக்கும்போதே உங்களுக்குக் கொடுத்து, நீங்கள் ஏற்று, வீடும் உங்கள் கைவசம் வந்திருந்தால் அது ஹிபா. கொடுத்த அன்றே அது அவர் சொத்திலிருந்து போய்விட்டது. அதை உங்கள் 13 பங்கில் கழிக்க ஃபராயிளில் இடமே கிடையாது. ஆனால் ‘இந்த வீடு உனக்குத்தான்’ என்று வாயால் சொன்னதோடு நின்று, சாவியும் வாடகையும் கடைசி வரை வாப்பாவிடமே இருந்திருந்தால் ஹிபா முழுமையாகவில்லை. அப்போது வீடும் 168க்குள் வரும். பத்திரம், வீட்டு வரி ரசீது, கரண்ட் பில் யார் பெயரில் என்று இப்போதே எடுத்துப் பாருங்கள்.

பெரியவர்கள் பங்கைத் தள்ளிப்போட வேண்டாம் என்று அழுத்திச் சொல்கிறேன். வாப்பா மவுத்தான நிமிடமே அந்த 28 பங்கு பாட்டனாருடையதாகிவிட்டது. பிரிக்கும் முன் அவர் தவறிவிட்டால் அந்த ஏழு லட்சம் அவருடைய வாரிசுகளுக்குப் போகும், அப்படியே உங்களுக்குத் திரும்பிவிடாது. அவருக்கு வேறு மகன் உயிரோடு இருந்தால் பேரப்பிள்ளைகளான உங்களுக்கு அதில் பங்கே இல்லை. அவராக மனமுவந்து உங்களுக்குக் கொடுக்க நினைத்தால் தன் பங்கைக் கையில் பெற்று ஹிபா செய்யலாம். நீங்கள் அவருக்கு வாரிசாக வராத நிலையில் மூன்றில் ஒன்றுக்குள் வஸிய்யத்தும் எழுதலாம்.

தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழில் பெயர்தான் இருக்கும், பங்கு இருக்காது. அதில் பாட்டனார் பெயர் விடுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் மகன் சொத்துக்கு முதல் வகுப்பு வாரிசாகத் தாய் வருவார், தகப்பனார் வரமாட்டார். அந்தப் பழக்கத்தில் எழுதுகிறவர்கள் தகப்பனாரை விட்டுவிடக்கூடும். உங்களுக்குப் பொருந்துவது 1937ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டம். அதில் விவசாய நிலம் விலக்கப்பட்டிருந்தது, ஆனால் சென்னை மாகாணம் 1949இல் திருத்தம் செய்து அதையும் சேர்த்துவிட்டது. எனவே தோப்புக்கும் இதே கணக்குதான்.

தோப்பைத் துண்டு போடச் சொல்லமாட்டேன். 84 சென்டில் உங்கள் பங்கு ஆறரை சென்ட். 25 அடி இடைவெளியில் நாலைந்து தென்னைதான் நிற்கும், கிணற்றுக்கும் பாதைக்கும் ஆளாளுக்குச் சண்டை வரும். காக்காமார் இருவரும் தோப்பை எடுத்துக்கொள்ளட்டும். அவர்கள் பங்கு இருவருக்கும் சேர்த்து 13 லட்சம், தோப்பு 30 லட்சம். ஆகவே 17 லட்சம் அவர்கள் கையிலிருந்து கொடுக்க வேண்டும். கடன், செலவு போக மிஞ்சும் சரக்கும் பணமும் 12 லட்சம். இரண்டும் சேர்ந்தால் மற்ற ஆறு பேருக்கும் உரிய 29 லட்சம் சரியாக வந்துவிடும். தோப்பின் மதிப்பை கைடுலைன் விலையில் போடாமல் இன்று ஊரில் போகும் விலையில் போடுங்கள், இல்லையென்றால் பணம் வாங்குகிறவர்கள் அத்தனை பேரும் ஏமாறுவார்கள். 17 லட்சத்தை ஒரே தடவையில் கொடுக்க முடியாவிட்டால், யாருக்கு எந்தத் தேதியில் எவ்வளவு என்று பாகப்பிரிவினைப் பத்திரத்திலேயே எழுதிப் பதிவு செய்யுங்கள்.