அரைப்பக்கத்தை இரண்டு வரியாக்குவது எப்படி?

"மண்டபம் பக்கம் நான்காம் வகுப்பு எடுக்கிறேன். ஒரு பையனைப் பற்றி அரைப்பக்கம் எழுதிவிட்டேன்: 'புத்திசாலி. 503-இல் 168 போனால் வாயால் 335 என்கிறான், நோட்டில் 465 என்று எழுதுகிறான். கவனக்குறைவு. ஓயாத பேச்சு. அப்பாவோடு வலைக்குப் போவதால் அடிக்கடி லீவு. பெற்றோர் அக்கறை காட்டினால் முன்னுக்கு வருவான்.' ரிப்போர்ட் கார்டில் இரண்டு வரிதான் இடம். எதை வெட்டட்டும் ஐயா?"

முதலில் 'கவனக்குறைவு' என்பதை அடியுங்கள் டீச்சர், அது உண்மையில்லை. 465 எப்படி வந்தது என்று பாருங்கள். 3-இல் 8 போகாது என்பதால் 8-இல் 3-ஐக் கழித்து 5 போட்டிருக்கிறான். 0-க்கும் 6-க்கும் அதேபோல் 6. ஒவ்வொரு இடத்திலும் பெரிய எண்ணிலிருந்து சின்னதைக் கழிக்கிறான். கவனம் சிதறியவன் இப்படி ஒரே மாதிரி தப்புப் பண்ண மாட்டான். எழுதும்போது கடன் வாங்க வரவில்லை, அவ்வளவுதான்.

'புத்திசாலி', 'பேச்சு', 'அக்கறை' மூன்றும் போகட்டும். 'அக்கறை' அம்மாவைக் குத்தும். பல வீடுகளில் கார்டை வாசித்துக் காட்டுவதே அந்தப் பையன்தான் என்பதை மறக்காதீர்கள்.

லீவு விஷயம் கொஞ்சம் சிக்கல். வருகை நாட்களுக்குத் தனிக் கட்டம் இருக்கிறது, மறுபடி எழுத வேண்டாம். ஆனால் கடன் வாங்கிக் கழிப்பதை நீங்கள் நடத்திய நாட்களில் அவன் வராமல் இருந்திருந்தால், 'விடுபட்ட பாடம்' என்ற இரண்டு சொல்லைச் சேர்க்கலாம். பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சேருங்கள். எப்படியானாலும் வலை, கடல், அப்பா எதுவும் கார்டில் வேண்டாம். அதை நேரில் பேசிக்கொள்ளலாம்.

இப்போது இப்படி வரும்:

"கழித்தல் கணக்குக்கு வாயால் சட்டென்று சரியான விடை சொல்கிறான். எழுதும்போது கடன் வாங்காமல் விடுகிறான். வாயால் சொன்ன விடையோடு ஒத்துப் பார்க்கப் பழகினால் தவறை அவனே பிடித்துவிடலாம்."

நடுவில் 'ஆனால்' போடவில்லை, கவனித்தீர்களா? போட்டால் முன்னால் சொன்ன பாராட்டு யார் காதிலும் ஏறாது.

அப்புறம், 'நூறு ரெடிமேட் குறிப்புகள்' என்று ஒரு பட்டியல் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. மார்க்கைப் போட்டால் வாக்கியம் தானாக விழும் என்று மென்பொருள் விற்கவும் ஆள் வருகிறார்கள். அந்தப் பக்கமே போகாதீர்கள். நான் முன்பு வேலை பார்த்த பள்ளியில் அப்படி வாங்கி, அண்ணனுக்கும் தங்கைக்கும் ஒரே வாக்கியம் விழுந்தது. அவர்கள் அம்மா இரண்டு கார்டையும் என் மேசையில் அடுத்தடுத்து வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் நின்றார். நாற்பது பிள்ளைகளுக்கு இரண்டே நாளில் எழுது, அதையே மறுபடி போனிலும் ஏற்று என்று சொன்னால் ஆசிரியர் பட்டியலைத் தேடத்தான் செய்வார். அதைக் கேட்பார் யார்?

அந்த அரைப்பக்கத்தைக் கிழித்துவிடாதீர்கள். பையனின் அம்மா வரும்போது 465 போட்ட நோட்டோடு அதுவும் கையில் இருக்கட்டும்.