பல் பிடுங்கிய அன்று உப்புத் தண்ணீர் வேண்டாம்

கேள்வி: அம்மாவுக்குக் கடைவாய்ப் பல் எடுத்தார்கள். கிளினிக்கில் கொடுத்த தாளில் உப்புத் தண்ணீர், ஐஸ், மாத்திரை என்று எல்லாம் இருக்கிறது. எதை எப்போது செய்வது?

அம்மா வாயில் இன்னும் பஞ்சு இருக்கும் என்று நினைத்து எழுதுகிறேன். நான் ஒரு பல் கிளினிக்கில் போன் எடுப்பவள், டாக்டர் இல்லை. ‘நீ யார் சொல்ல’ என்று கிளம்புகிறவர்களுக்கு: நான் எழுதிய புதுத் தாளை எங்கள் டாக்டர் வரிவரியாகப் பார்த்துத்தான் கொடுத்தார்.

பழைய தாளில் முதல் வரியே ‘வெதுவெதுப்பான உப்பு நீரில் கொப்பளிக்கவும்’. எப்போதிலிருந்து என்று இல்லை. சாயங்காலம் பல் எடுத்துக்கொண்டு போவார்கள், ராத்திரி போன் வரும்: “கொப்பளிச்சேன்மா, ரத்தம் நிக்கவே மாட்டேங்குது.” பல் இருந்த குழிக்கு உறைந்த ரத்தம்தான் மூடி. கொப்பளித்தாலும், காறித் துப்பினாலும், ஸ்ட்ராவில் உறிஞ்சினாலும் அது பெயர்ந்துவிடும். அடியில் எலும்பு வெளியே தெரிந்தால் வலி உயிர் போகும்.

அதனால் புதுத் தாளைக் கடிகாரத்தைப் பார்த்து எழுதினேன். முதல் 45 நிமிடம் பஞ்சை அழுத்திக் கடித்திருக்க வேண்டும். நடுவில் எடுத்துப் பார்க்கக் கூடாது, எச்சிலை விழுங்க வேண்டும். அப்புறம் பஞ்சை எடுத்துவிட்டு, ஆறின கஞ்சி குடித்து, மரத்தது தெளியும் முன்பே டாக்டர் எழுதிய வலி மாத்திரை. தெளியும்வரை எதையும் மெல்லக் கூடாது, கன்னத்தையே கடித்துக்கொள்வார்கள். ஐஸ் கன்னத்துக்கு வெளியே, துணியில் சுற்றி, பத்து நிமிடம் வைத்துப் பத்து நிமிடம் விட்டு. ‘சூடானவற்றைத் தவிர்க்கவும்’ என்பதை ‘இன்று காபியை ஆறவைத்துக் குடிக்கவும்’ என்று மாற்றினேன். பீடி, சிகரெட், புகையிலை மூன்று நாளைக்குக் கிடையாது.

உப்புத் தண்ணீர் 24 மணி நேரம் கழித்துத்தான். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்பு, ஒவ்வொரு முறை சாப்பிட்ட பிறகும். வாயில் வைத்துத் தலையை மெல்லச் சாய்த்து, தானாக வழியவிட வேண்டும்.

முதல் நாள் எச்சில் இளஞ்சிவப்பாக வந்தால் பயப்பட வேண்டாம். வாய் நிறைய ரத்தம் வந்தால் புதுப் பஞ்சை மடித்து அரைமணி நேரம் கடிக்கச் சொல்லுங்கள், அப்படியும் நிற்காவிட்டால் உடனே போன் செய்யுங்கள். மூன்றாம் நாள் வாக்கில் வலி குறையாமல் ஏறி, காதுவரை இழுத்து, வாய் நாறினால் மருந்துக்கடையில் மாத்திரை வாங்காமல் நேரே கிளினிக்குக்குப் போங்கள். குழியைக் கழுவி மருந்து வைத்தால்தான் அடங்கும். ரத்தம் உறையாமலிருக்க அம்மா மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் அதை நீங்களாக நிறுத்தாதீர்கள், டாக்டரைக் கேளுங்கள்.

இவ்வளவு பார்த்துப் பார்த்து எழுதிக் கொடுத்தால், அச்சகத்தில் பாதிப் பக்கத்துக்குச் சிரிக்கும் பல் படம் போட்டு எழுத்தைப் பொடியாக்கிவிட்டார்கள். வயதானவர்கள் எப்படிப் படிப்பார்கள் என்று கேட்டால், “டிசைன் மேடம்” என்கிறார். இப்போது நான் ஜெராக்ஸ் கடையில் பெரிதாக்கித்தான் கொடுக்கிறேன், அந்தக் காசை இன்னும் யாரும் தரவில்லை.