பிளேட்லெட் குறைந்தால் டெங்குதானா?

கேள்வி: "இது வந்தால் அது வரும்" என்பதைத் தலைகீழாக்கிப் பேசும் பிழைகளை அன்றாடப் பேச்சில் எப்படிக் கண்டுபிடிப்பது?

டெங்கு வந்தால் பெரும்பாலும் பிளேட்லெட் குறையும், சரி. ஆனால் ரிப்போர்ட்டில் 90,000 என்று பார்த்ததுமே "அப்போ டெங்குதான்" என்கிறார்களே, அது பின்விளைவை வைத்துக் காரணத்தை முடிவு செய்யும் பிழை, ஏனென்றால் மலேரியா, எலிக்காய்ச்சல், வேறு வைரஸ் காய்ச்சல்களிலும் பிளேட்லெட் இயல்பின் கீழ் எல்லையான ஒன்றரை லட்சத்துக்குக் கீழே இறங்கலாம். "டெங்கு இல்லைன்னு வந்துடுச்சு, இனி பிளேட்லெட் குறையாது" என்பது அடுத்தது: காரணம் இல்லை, அதனால் விளைவும் இல்லை என்பது. என்னைக் கேட்டால் இதுதான் ஆபத்தானது, ஆள் அசட்டையாக இருந்துவிடுவார்.

யாராவது இப்படிப் பேசினால் "வேறு எதனாலும் இது வருமா?" என்று கேளுங்கள். வரும் என்றால் இரண்டு முடிவுமே நிற்காது. அதற்காகக் குறைந்த பிளேட்லெட்டை ஒதுக்கவும் கூடாது, டெங்கு சந்தேகத்தை அது கூட்டத்தான் செய்யும், உறுதி செய்யத்தான் காய்ச்சல் வந்த முதல் சில நாட்களுக்குள், டெங்கு வைரஸின் புரதத்தை ரத்தத்தில் தேடும் என்எஸ்1 பரிசோதனை எடுக்கிறார்கள்.