கலர் சரக்கா, வெள்ளைச் சரக்கா: மறுநாள் தலைவலிக்கு எது காரணம்?

மது தயாரிப்பு ஆய்வகத்தில் வேலை பார்ப்பவன் என்பதால் எனக்கு வரும் கேள்விகளில் நிறைய மறுநாள் காலையைப் பற்றியவைதான். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்து இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: கலர் சரக்கில் 'கான்ஜனர்' அதிகம், அதனால்தான் ஹேங்ஓவர் வருகிறது என்கிறான் நண்பன். கான்ஜனர் என்றால் என்ன, கலப்படமா? (வாசகர், சேலம்)

கலப்படம் இல்லை. ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹால் உண்டாக்கும்போது போதை தரும் எத்தனால் மட்டும் வருவதில்லை. அசிட்டால்டிஹைடு, எத்தில் அசிட்டேட், பியூசல் ஆல்கஹால்கள், கொஞ்சம் மெத்தனால் என்று கூடவே பலதும் வருகின்றன. பாட்டிலில் இருப்பதிலிருந்து தண்ணீரையும் எத்தனாலையும் கழித்துவிட்டால் மிஞ்சுவதைத்தான் பொதுவாக கான்ஜனர் என்கிறோம். விஸ்கி விஸ்கியாகவும் ரம் ரம்மாகவும் ருசிப்பதே இவற்றால்தான்.

எவ்வளவு மிஞ்சும் என்பது காய்ச்சி வடிக்கும் விதத்தைப் பொறுத்தது. செம்புப் பானையில் வடித்தால் முதலில் வருவது 'ஹெட்ஸ்'. நெயில் பாலிஷ் வாடை குப்பென்று அடிக்கும், அது எத்தில் அசிட்டேட். நடுவில் வருவது 'ஹார்ட்ஸ்', அதைத்தான் எடுத்து வைப்பார்கள். கடைசியில் வரும் 'டெயில்ஸ்' எண்ணெய்ப் பிசுக்கோடு இருக்கும். வடிப்பவர்கள் சில சொட்டுகளை உள்ளங்கையில் விட்டுத் தேய்த்து மோந்து பார்ப்பதுண்டு. எத்தனால் பறந்த பிறகும் ஈரச் சாக்கு மாதிரி ஒரு வாடை கையிலேயே நின்றால், டெயில்ஸ் வரத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். எங்கே வெட்டுவது என்பது அவரவர் கைப்பக்குவம். ருசி வேண்டும் என்பதற்காகவே கொஞ்சம் டெயில்ஸை உள்ளே விடுகிறவர்களும் உண்டு.

அமெரிக்க விதிப்படி போர்பன் விஸ்கியை 80 சதவீத ஆல்கஹாலுக்கு மேல் வடிக்கக் கூடாது. வோட்காவுக்கான ஸ்பிரிட்டையோ 95 சதவீதத்துக்குக் குறையாமல் வடிக்க வேண்டும். அந்த உயரத்துக்குப் போனால் மற்றதெல்லாம் அநேகமாகக் கழன்றுவிடும். போர்பன் அதன்பிறகு உட்புறம் கரியாக்கிய புது ஓக் பீப்பாயில் கிடக்கிறது. மரத்திலிருந்து டானின், வெனிலின், பர்புரால் போன்றவை இறங்குகின்றன. நிறமும் அங்கிருந்து வருவதுதான்.

கேள்வி: நிஜமாகவே கலர் சரக்கு ஹேங்ஓவரைக் கூட்டுகிறதா, இல்லை குடிகாரர்கள் கட்டிவிட்ட கதையா? (வாசகர், புதுச்சேரி)

கதை இல்லை, ஆனால் சொல்லப்படும் அளவுக்குப் பெரிய விஷயமும் இல்லை. இதில் நன்றாகச் செய்த ஆய்வு அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டமாரிஸ் ரோசனோவ் குழுவினர் நடத்தி 2010-இல் வெளியிட்டது. 21 முதல் 33 வயது வரையுள்ள, நன்றாகக் குடித்துப் பழகிய, ஆரோக்கியமான 95 பேரை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பகுதியினருக்குப் போர்பன், மற்றவர்களுக்கு வோட்கா. இரண்டையும் காபீன் இல்லாத கோலாவில் கலந்து கொடுத்தார்கள். மூச்சுப் பரிசோதனையில் சராசரி 0.11 சதவீதம் வரும்வரை, அதாவது நல்ல போதை ஏறும்வரை. ஒவ்வொருவருக்கும் இன்னொரு இரவு ஆல்கஹாலே இல்லாத போலிப் பானம். இரவு முழுக்கத் தூக்கத்தைக் கருவியால் பதிவு செய்து, காலையில் தலைவலி, குமட்டல், தாகம் எல்லாம் எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள். கவனம், வேகம் பற்றிய பரிசோதனைகளும் வைத்தார்கள்.

அந்தப் போர்பனில் கான்ஜனர் வோட்காவைவிட 37 மடங்கு. அதைக் குடித்தவர்கள் காலையில் அதிக அவஸ்தை இருப்பதாகச் சொன்னார்கள். ஆக நண்பர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் அதே ஆய்வில் இன்னும் இரண்டு முடிவுகள் இருக்கின்றன, அவற்றை யாரும் சொல்வதில்லை. ஒன்று, ஆல்கஹால் குடித்த இரவுக்கும் போலிப் பானம் குடித்த இரவுக்கும் இருந்த வித்தியாசம், போர்பனுக்கும் வோட்காவுக்கும் இருந்த வித்தியாசத்தைவிட ரொம்பப் பெரியது. இரண்டு, தூக்கம் கெட்டதிலும் மறுநாள் கவனம் சிதறியதிலும் இரு கூட்டத்துக்கும் வேறுபாடே இல்லை. வோட்கா குடித்தவர் 'எனக்கு ஒன்றுமில்லை' என்று நினைத்திருக்கலாம். பரிசோதனையில் அவரும் அதே அளவுக்குத் தடுமாறினார்.

37 மடங்கு என்றதும் பயந்துவிடாதீர்கள். வோட்காவில் இருப்பது துளியூண்டு, அதன் 37 மடங்கு என்றாலும் பாட்டிலில் ஒரு சதவீதத்தைத் தொடாது.

கேள்வி: நான் குடிப்பது டாஸ்மாக் பிராந்தி. கலரைப் பார்த்தால் கான்ஜனர் நிறைய இருக்கும் போலிருக்கிறதே? வோட்காவுக்கு மாறிவிடலாமா? (வாசகர், ஈரோடு)

கலரை நம்பாதீர்கள். அமெரிக்க ஆய்வுகளைப் படித்துவிட்டு நம் ஊர் பாட்டிலுக்குப் பொருத்திப் பார்க்கும்போது எல்லோரும் இடறி விழும் இடம் இது.

நம் ஊரில் விலை குறைந்த பிராந்தி, ரம், விஸ்கி பெரும்பாலானவற்றுக்கு அடிப்படை ஒன்றுதான்: எக்ஸ்ட்ரா நியூட்ரல் ஆல்கஹால். கரும்பு ஆலையின் மொலாசஸிலிருந்தோ தானியத்திலிருந்தோ வடித்து, 96 சதவீதம் வரை கொண்டுபோய்ச் சுத்தம் செய்தது. வோட்காவின் அடிப்படைக்கும் இதற்கும் பெரிய தூரமில்லை. அதில் தண்ணீர், வாசனைப் பொருள், கருக்கிய சர்க்கரையான கேரமல் சேர்த்தால் பொன்னிறம் வந்துவிடும். சில பிராண்டுகளில் உண்மையான திராட்சை ஸ்பிரிட்டோ மால்ட் ஸ்பிரிட்டோ கொஞ்சம் சேர்ப்பார்கள், அந்த அளவுக்குக் கான்ஜனர் கூடும். பின்பக்க லேபிளைப் படியுங்கள். கேரமல், சேர்க்கப்பட்ட வாசனை என்று போட்டிருந்தால் நிறம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிடும். ஸ்காட்ச் விஸ்கியிலும் நிறத்துக்குக் கேரமல் சேர்க்க அனுமதி உண்டு, அதனால் அங்கேயும் அடர் நிறம் எதையும் நிரூபிப்பதில்லை.

தலைகீழாகவும் நடக்கும். மெக்சிகோவின் வெள்ளை டெக்கீலா, இத்தாலியின் கிராப்பா, சீனாவின் பைஜியு எல்லாம் கண்ணாடி மாதிரி இருக்கும், ஆனால் கான்ஜனர் தாராளம். பீப்பாய்க்குப் போகாத புது விஸ்கியும் தண்ணீர் போலத்தான் தெரியும். ஈஸ்டும் பானையும் தந்த கான்ஜனர் அத்தனையும் அதற்குள் இருக்கும்.

உங்களுக்குக் காலையில் தலை கனப்பதற்கு நான் முதலில் சந்தேகப்படுவது அளவைத்தான். குவார்ட்டர் 180 மில்லி, வீரியம் 42.8 சதவீதம். அதில் சுமார் 61 கிராம் சுத்த ஆல்கஹால். அதே அளவு வோட்கா குடித்தாலும் அதே 61 கிராம்.

கேள்வி: வோட்கா குடித்தால் காலையில் தெளிவாக இருக்கிறேன். வண்டி எடுக்கலாம்தானே? (வாசகர், சென்னை)

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 70 கிலோ எடையுள்ள ஆண், இரவு 9 மணிக்கு ஆரம்பித்து ஒன்றரை குவார்ட்டர், 270 மில்லி குடிக்கிறார். மொத்தம் 91 கிராம் ஆல்கஹால். உடலின் நீர்ப்பகுதியில் பரவினால் 100 மில்லி ரத்தத்தில் சுமார் 190 மில்லிகிராம். கல்லீரல் மணிக்கு ஏறக்குறைய 15 மில்லிகிராம் வீதம் கழிக்கும். காலை 6 மணிக்குள் 9 மணி நேரம், 135 கழிந்திருக்கும். இன்னும் 55 பாக்கி. மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆம் பிரிவு அனுமதிப்பது 30. ஊதச் சொன்னால் மாட்டுவீர்கள். பெண்களுக்கும் எடை குறைந்தவர்களுக்கும் அளவு இன்னும் மேலே நிற்கும்.

இந்தக் கணக்கில் கான்ஜனருக்கு இடமே இல்லை. தலைவலி இல்லாததால் தெளிந்துவிட்டோம் என்று தோன்றுவதுதான் வெள்ளைச் சரக்கில் உள்ள ஆபத்து.

கேள்வி: எங்கள் தென்னஞ்சாராயம் எந்தப் பக்கம்? (வாசகர், யாழ்ப்பாணம்)

அசல் என்றால் கான்ஜனர் உள்ள பக்கம். தென்னங்கள்ளைப் புளிக்கவைத்து வடித்து, மரத்தொட்டியில் வைத்து எடுப்பது அது. விலை குறைந்த வகைகளில் நியூட்ரல் ஸ்பிரிட் கலப்பது வழக்கம், அவற்றில் குறைவாக இருக்கும். போத்தலில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

கேள்வி: காலையில் ஒரு கட்டிங் போட்டால் தலைவலி பறந்துவிடுகிறதே, அது எப்படி? (வாசகர், திருச்சி)

இதற்கு ஒரு சுவாரசியமான விளக்கம் உண்டு. கான்ஜனர்களில் அதிகம் சந்தேகிக்கப்படுவது மெத்தனால். பழத்தோலிலும் சதையிலும் உள்ள பெக்டினிலிருந்து வருவதால் பழத்தில் காய்ச்சியவற்றில் அதிகம். ஐரோப்பிய விதியே 100 லிட்டர் சுத்த ஆல்கஹாலுக்கு வோட்காவில் 10 கிராம் வரையும், பழ ஸ்பிரிட்டில் பொதுவாக 1000 கிராம் வரையும் அனுமதிக்கிறது.

எத்தனாலையும் மெத்தனாலையும் உடைப்பது கல்லீரலில் உள்ள ஒரே நொதி. இரண்டும் வந்தால் அது எத்தனாலைத்தான் முதலில் கவனிக்கும். இரவு முழுக்க மெத்தனால் வரிசையில் காத்திருக்கும். விடியற்காலையில் எத்தனால் தீர்ந்ததும் அதன் முறை வருகிறது. அது உடைந்தால் பார்மால்டிஹைடு, பிறகு பார்மிக் அமிலம், இரண்டுமே நஞ்சு. ஹேங்ஓவர் உச்சத்துக்கு வருவதும் ஏறக்குறைய அந்த நேரத்தில்தான். அப்போது ஒரு கட்டிங் உள்ளே போனால் நொதி மறுபடி எத்தனால் பக்கம் திரும்பிவிடும், வேதனை தள்ளிப்போகும். தள்ளித்தான் போகும், தீராது. மதியம் பில்லைச் சேர்த்துக் கட்ட வேண்டும். தினமும் இப்படித் தள்ள வேண்டியிருக்கிறது என்றால் அது ஹேங்ஓவரா, குடி நிறுத்தும்போது வரும் நடுக்கமா என்று மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

முறைப்படி வடித்த மதுவில் இருக்கும் மெத்தனால் வேறு, கள்ளச்சாராயத்தில் கலக்கும் மெத்தனால் வேறு. கள்ளக்குறிச்சியில் 2024 ஜூனில் 60-க்கும் மேற்பட்டோர் இறந்தது கான்ஜனரால் அல்ல, மெத்தனால் கலந்த சாராயத்தால். அதன் அறிகுறிகள் ஆரம்பத்தில் ஹேங்ஓவர் மாதிரியே இருக்கும்: தலைவலி, வாந்தி, வயிற்றுவலி. 12 மணி நேரம், சில சமயம் ஒரு நாள் கழித்துத்தான் முற்றும். கண் மங்கினாலோ, பனி மூடியது போலத் தெரிந்தாலோ, வேகவேகமாக மூச்சு வாங்கினாலோ, வீட்டில் எதையும் குடித்துப் பார்க்காமல் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். கூட உட்கார்ந்து குடித்தவர்களுக்கு ஒன்றும் தெரியாவிட்டாலும் அவர்களையும் அழைத்துப் போங்கள்.