தேர்வுக்கு முந்தின இரவு மோடாஃபினில்

"நாளை காலை தேர்வு. நண்பன் 200 மி.கி. மோடாஃபினில் தருகிறான். இரவு 9 மணிக்குப் போட்டால் விடிய விடியப் படிக்கலாமா?"

வேண்டாம். விழித்திருப்பீர்கள், அது உண்மை. மாணவர்களை இழுப்பதும் அதுதான். ஆனால் படித்தது நினைவில் பதிவது தூக்கத்தில். இந்த மருந்து தூக்கத்தைத் தள்ளிப்போடுமே தவிர, அந்த வேலையைச் செய்யாது.

உடலில் பாதி குறையவே சுமார் 15 மணி நேரமாகும். எனவே மறுநாள் இரவு 9 மணிக்கும் மூன்றில் ஒரு பங்கு மிஞ்சியிருக்கும். அன்றும் தூக்கம் கெடலாம். தூக்கமின்றி இதை எடுத்தவர்கள் தம் விடைகளை அளவுக்கு மீறி நம்பியதும் ஆய்வில் தெரிந்தது. தேர்வறையில் அதுவே ஆபத்து.

ஏற்கெனவே போட்டவர்களுக்கு: தோலில் தடிப்பு, வாய்ப்புண், காய்ச்சல் வந்தால் உடனே நிறுத்தி மருத்துவரிடம் போங்கள். கருத்தடை மாத்திரையின் பலனையும் இது குறைக்கும். நிறுத்திய பின்னும் ஒரு மாதம் மாற்றுவழி தேவை.

இன்றிரவு முக்கியப் பாடங்களை மட்டும் புரட்டிவிட்டு, 11 மணிக்குப் படுத்துவிடுங்கள்.